புது போன் வந்தாச்சு... நம்பர் வந்துடுச்சா?

வாசலில் டெலிவரி ஊழியர் நிற்கிறார். கையில் புது போன் பெட்டி. "பழைய போனை ரீசெட் பண்ணிக் குடுங்க சார், அப்பதான் புதுசைத் தர முடியும்" என்கிறார். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்பது அவர் நிற்கிற நிலையிலேயே தெரிகிறது. எக்ஸ்சேஞ்சில் போன் வாங்கியவர் விவரமானவர்தான். படங்களை முந்தைய இரவே ஏற்றி வைத்துவிட்டார். வாட்ஸ்அப் பேக்கப்பும் முடிந்துவிட்டது. சிம் தட்டைத் திறக்க ஊசி தேடும் வேலைகூட அவருக்கு இல்லை, எண் இ-சிம்மில் இருக்கிறது. ரீசெட்டை அழுத்துகிறார். இ-சிம்மையும் நீக்கிவிடலாமா என்று போன் கேட்கிறது. கைமாறப்போகிற போன்தானே, எதற்கு வைத்துக்கொண்டு? ஆமாம் என்கிறார். பழைய போன் ஊழியரின் பைக்குள் போகிறது, லிஃப்ட் கீழே இறங்குகிறது. புது போனின் மேல் மூலையில் `No Service`. எண்ணைக் கொண்டுவரும் வழியைத் தேடிப் படித்தால், குறிப்பிட்ட எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்கிறது. எந்த எண்ணிலிருந்து அனுப்புவது? சற்று முன் லிஃப்டில் இறங்கிப்போன அதே எண்ணிலிருந்து.

இ-சிம் பற்றிய விளம்பரங்கள் எல்லாம் "ஸ்கேன் செய்தால் போதும்" என்கின்றன. ஸ்கேன் செய்வது உண்மையிலேயே சுலபம்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் சிம் இருந்த காலத்தில் போன் மாற்றுவது நம் சொந்த விஷயம். அட்டையைக் கழற்றி இன்னொன்றில் செருகினோம், சேவை நிறுவனத்தைக் கேட்கவேண்டிய தேவையே இல்லை. இ-சிம்மில் ஒவ்வொரு போன் மாற்றமும் ஒரு சிம் மாற்றம். தொலைந்த சிம்முக்குப் பதில் புது சிம் வாங்கும்போது என்னென்ன விதிகளும் தடைகளும் காத்திருப்புகளும் உண்டோ, ஏறக்குறைய அவை எல்லாம் சாதாரணமாக போன் மாற்றுகிறவர் தலையிலும் வந்து விழுகின்றன. இதைச் சொல்லாமல் ஸ்கேனை மட்டும் சொல்லித் தருவதால்தான் புது போன் வாங்கிய முதல் நாளில் இத்தனை பேர் எண்ணில்லாமல் நிற்கிறார்கள்.

சாவி ஒன்று, பட்டா வேறு

இ-சிம் என்பது போனுக்குள் பற்றவைக்கப்பட்ட ஒரு சில்லு. பிளாஸ்டிக் சிம்மில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டு வந்த ரகசியத் தகவல்கள், இதில் இணையம் வழியாக ஒரு கோப்பாக வந்து இறங்குகின்றன. அந்தக் கோப்புக்கு ப்ரொஃபைல் என்று பெயர். உலகெங்கும் இதற்கு ஒரே தரநிலையை வகுத்தது ஜிஎஸ்எம்ஏ என்ற செல்பேசித் துறை அமைப்பு. க்யூஆர் கோடு என்று நமக்கு வரும் கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் சிம் இல்லை. எந்த சர்வரிடம் போய், எந்த ரகசியக் குறியீட்டைச் சொன்னால் ப்ரொஃபைல் கிடைக்கும் என்ற விலாசம்தான் அதில் இருக்கிறது. அதை எழுத்தாகப் பிரித்தால் இப்படி இருக்கும்:

```
LPA:1$சர்வர்-முகவரி$ரகசியக்-குறியீடு
```

அந்தக் குறியீட்டைச் சொல்லி ஒரு போன் ப்ரொஃபைலை இறக்கி நிறுவிவிட்டால், அது இறக்கப்பட்டதாக சர்வர் குறித்துக்கொள்கிறது. அதே க்யூஆரை மறுபடி ஸ்கேன் செய்தால் பெரும்பாலும் பிழைச் செய்திதான் வரும். ஆகவே "க்யூஆரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த போனிலும் பயன்படும்" என்ற நம்பிக்கை வீண். ஒரு போனிலிருந்து ப்ரொஃபைலை அழித்துவிட்டு, மனம் மாறி அதே போனில் திரும்ப இறக்கலாம் என்று நினைப்பதும் அப்படித்தான். புதிய கோரிக்கை, புதிய குறியீடு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. ப்ரொஃபைல் போனில் இறங்குவதும், உங்கள் எண் அந்த ப்ரொஃபைலுக்கு மாற்றப்படுவதும் இரண்டு தனித்தனி நிகழ்வுகள். முதலாவது உங்கள் போனில் நடக்கிறது. இரண்டாவது சேவை நிறுவனத்தின் மையப் பதிவேட்டில், இந்தப் பத்து இலக்க எண் இனி இந்த சிம்முக்கு உரியது என்று ஒரு வரி திருத்தப்படும்போது நடக்கிறது. வீட்டுச் சாவி கைக்கு வந்துவிட்டது, பட்டாவில் பெயர் மாறவில்லை என்கிற நிலைமை இங்கே சர்வசாதாரணம். புது போனின் அமைப்புகளில் இ-சிம் பெயரோடு தெரிகிறது, ஆனால் சிக்னல் கோடு வரவில்லை என்றால் அநேகமாக இதுதான் காரணம். எண் இன்னும் பழைய போனிலேயே உயிரோடு இருக்கும். அந்த நேரத்தில் பதறிப்போய் இ-சிம்மை அழித்து மறுபடி சேர்க்கப் பார்ப்பதுதான் செய்யக்கூடாத காரியம். வந்த சாவியும் போய்விடும்.

> பெட்டிச் செய்தி: எது எந்த எண்?
>
> EID: 32 இலக்கம், 89 என்று தொடங்கும். போனுக்குள் இருக்கும் இ-சிம் சில்லின் அடையாளம். போனை மாற்றினால் இதுவும் மாறும்.
>
> IMEI: 15 இலக்கம். போனின் அடையாளம். இரண்டு சிம் போனில் இரண்டு இருக்கும்.
>
> சிம் எண்: 19 அல்லது 20 இலக்கம், இதுவும் 89 என்று தொடங்கும். பிளாஸ்டிக் சிம்மின் மேல் அச்சடித்திருக்கும். இ-சிம்மில் ஒவ்வொரு புதிய ப்ரொஃபைலுக்கும் ஒரு புதிய எண்.
>
> புது போனில் `*#06#` அழுத்தினால் IMEI தெரியும். இ-சிம் உள்ள பெரும்பாலான போன்களில் EID-யும் கூடவே தெரியும்.

பழைய போன்தான் சாட்சி

ஒரு ஜியோ எண்ணை எடுத்துக்கொள்வோம். எஸ்எம்எஸ் வழியாக மாற்றுவதில் ஜியோவின் முறைதான் சற்று நீளம். அதனால் உள்ளே நடப்பது என்ன என்பதும் அதில்தான் தெளிவாகத் தெரியும். முதலில் புது போனின் EID-யையும் IMEI-யையும் குறித்துக்கொண்டு, எண் உயிரோடிருக்கும் பழைய போனிலிருந்து 199-க்கு இதை அனுப்ப வேண்டும்:

```
GETESIM <32 இலக்க EID> <15 இலக்க IMEI>
```

பதிலாக 19 இலக்கத்தில் ஒரு இ-சிம் எண் வரும். அதாவது புது போனுக்கென்று ஒரு ப்ரொஃபைல் ஒதுக்கப்பட்டுவிட்டது, ஆனால் உங்கள் எண் இன்னும் அதற்கு மாறவில்லை. அடுத்த செய்தியும் அதே 199-க்குத்தான்:

```
SIMCHG <19 இலக்க இ-சிம் எண்>
```

இதன் பெயரே சொல்கிறது, இது சிம் மாற்றக் கோரிக்கை. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, மாற்றம் நடக்கவிருப்பதாக ஒரு தகவல் வரும். சம்மதம் என்றால் 183-க்கு `1` என்று அனுப்ப வேண்டும். பிறகு ஒரு தானியங்கி அழைப்பு வந்து அந்த 19 இலக்க எண்ணைக் கேட்கும். அதையும் சொல்லி முடித்த பின்னால்தான் எண் கைமாறுகிறது. ஏர்டெல்லிலும் வி-யிலும் இலக்கங்கள் குறைவு. `eSIM` என்று எழுதி, பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்து, ஏர்டெல் என்றால் 121-க்கும் வி என்றால் 199-க்கும் அனுப்பினால், சம்மதம் கேட்டு ஒரு செய்தி வரும். ஏர்டெல் ஒரு நிமிடத்துக்குள் `1` என்று பதில் கேட்கிறது. வி கால் மணி நேரம் தந்து `ESIMY` என்று பதில் கேட்கிறது. அதன்பின் உறுதிப்படுத்தும் அழைப்பு, மின்னஞ்சலில் க்யூஆர். நிறுவனங்களின் செயலிகள் வழியாகவும் இதையெல்லாம் செய்யலாம், உள்ளே நடப்பது அதேதான்.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்பது, சம்மதிப்பது, அழைப்புக்குப் பதில் சொல்வது என எல்லாமே பழைய போனில் நடக்கின்றன. புது போனுக்கு கடைசியில் ஸ்கேன் செய்வது ஒன்றுதான் வேலை. பழைய போனின் திரை உடைந்து, தொடுதல் வேலை செய்யாமல் போயிருந்தாலே இந்த வழி பாதி மூடிவிடும். பிளாஸ்டிக் சிம் என்றால் உடைந்த போனிலிருந்தும் உருவி எடுக்கலாம். இ-சிம் போனோடு செத்துவிடும். அப்போது மிஞ்சுவது ஷோரூம் ஒன்றுதான்: ஆதாரோடு நேரில் போய், அடையாளம் காட்டி, புதிதாக வாங்க வேண்டும்.

சின்னச் சின்னத் தடுக்கல்களும் இங்கேதான். பதிவு செய்த மின்னஞ்சல் பல வருடங்களுக்கு முன் வேலை பார்த்த அலுவலகத்தினுடையதாக இருந்தால் க்யூஆர் யாரும் திறக்காத பெட்டிக்குப் போகும், ஆகவே முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும். ப்ரொஃபைல் இறங்க புது போனுக்கு இணையம் வேண்டும். பழைய போனின் ஹாட்ஸ்பாட்டிலேயே இறக்கினால், எண் கைமாறும் நொடியில் ஹாட்ஸ்பாட்டின் இணையமும் அறுந்துபோகும், பதிவிறக்கம் பாதியில் நிற்கக்கூடும். வைஃபைதான் பாதுகாப்பு. இன்னொன்று, க்யூஆர் மின்னஞ்சலை புது போனிலேயே திறந்தால் அதை எதைக் கொண்டு ஸ்கேன் செய்வது? புதிய ஐபோன்களில் க்யூஆர் படத்தை அழுத்திப் பிடித்தால் இ-சிம் சேர்க்கும் வசதி வருகிறது. மற்ற போன்களில் இன்னொரு திரையில் மின்னஞ்சலைத் திறக்கலாம், அல்லது சர்வர் முகவரியையும் குறியீட்டையும் கையால் தட்டச்சு செய்யலாம்.

> பெட்டிச் செய்தி: எங்கே நிற்கிறது உங்கள் எண்?
>
> பழையதில் கோடு இருக்கிறது, புதியதில் இ-சிம் இறங்கியும் கோடு இல்லை: பதிவேடு இன்னும் மாறவில்லை. எதையும் அழிக்காமல் காத்திருங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தாண்டினால் பழைய போனிலிருந்தே சேவை மையத்தை அழையுங்கள்.
>
> பழையதில் கோடு போய்விட்டது, புதியதில் இ-சிம் இறங்கியிருக்கிறது: எண் மாறிவிட்டது. புது போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், அந்த சிம் இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள்.
>
> பழையதில் கோடு போய்விட்டது, புதியதில் இ-சிம்மே இறங்கவில்லை: எண் நடுவழியில் நிற்கிறது. வைஃபையில் க்யூஆரை மறுபடி முயலலாம். ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது என்று வந்தால் ஷோரூம்தான்.
>
> பேச முடிகிறது, எஸ்எம்எஸ் மட்டும் வரவில்லை: கோளாறு இல்லை. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

கோடு வந்த பிறகு 24 மணி நேரம்

புது போனில் கோடு வந்துவிட்டது, யாரையோ அழைத்துப் பேசியும் பார்த்துவிட்டோம். வேலை முடிந்ததாக எல்லோரும் நினைப்பது இந்த இடத்தில்தான். உண்மையான தொந்தரவு தொடங்குவதும் இந்த இடத்தில்தான். சிம் மாற்றம் நடந்து 24 மணி நேரம் வரை அந்த எண்ணுக்கு எஸ்எம்எஸ் வரவும் கூடாது, அதிலிருந்து போகவும் கூடாது என்பது தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு இட்டிருக்கும் கட்டளை. அழைப்பும் இணையமும் வழக்கம்போல இருக்கும், எஸ்எம்எஸ் மட்டும் இருக்காது.

இன்றைய வாழ்க்கையில் எஸ்எம்எஸ் யாரும் யாருக்கும் எழுதிக்கொள்வதற்கு அல்ல, ஓடிபிக்கு. வங்கிச் செயலியை புது போனில் நிறுவினால் ஓடிபி வராது. ஆதார் சரிபார்ப்புக்கு வராது. கடன் அட்டையில் இணையத்தில் வாங்கினாலும் வராது. யூபிஐயின் கதை இன்னும் சற்று நுட்பமானது. அங்கே நமக்கு ஓடிபி வருவதில்லை, போன்தான் எஸ்எம்எஸ் அனுப்புகிறது. "உங்கள் எண்ணைச் சரிபார்க்கிறோம்" என்று சக்கரம் சுழலும்போது, செயலி உங்கள் சிம்மிலிருந்து ஒரு மறைகுறிச் செய்தியை அனுப்பி, இந்த எண் இந்த போனில்தான் இருக்கிறது என்று நிரூபிக்கப் பார்க்கிறது. வெளியே போகும் எஸ்எம்எஸ்ஸும் அடைபட்டிருப்பதால் அந்தச் சக்கரம் சுழன்று சுழன்று தோற்கும். செயலியை நீக்கி நீக்கி மறுபடி நிறுவுகிறவர்கள், வங்கியைத் திட்டுகிறவர்கள், போனில்தான் கோளாறு என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் எல்லோரும் பார்ப்பது இந்த ஒரே தடையைத்தான். 24 மணி நேரம் கழித்து யூபிஐ பதிவானாலும், புதிய கருவியில் தொடக்கத்தில் செலுத்தும் தொகைக்குப் பொதுவாக வரம்பு இருக்கும். பெட்டிக்கடை டீக்கும் க்யூஆரைத் தேடும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

எனவே போன் மாற்றும் நாளை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதியன்று மாற்றக்கூடாது. பத்திரப்பதிவு, வீட்டுக் கடன் தவணை, பயணத்துக்கு முந்தைய நாள் ஆகியவை வேண்டாம். பணப்பையில் கொஞ்சம் ரொக்கமும், பின் எண் நினைவிலுள்ள ஒரு டெபிட் கார்டும் இருக்கட்டும். கார்டைத் தேய்த்துப் பின் போடுவதற்கு எஸ்எம்எஸ் தேவையில்லை. இன்னொரு நடைமுறை வசதியும் உண்டு: வீட்டில் வைஃபை இருந்தால், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் சில செயலிகள் பழைய போனில் தொடர்ந்து வேலை செய்யும். சிம் இல்லாததைக் கண்டுபிடித்துப் பூட்டிக்கொள்ளும் வங்கிச் செயலிகளும் உண்டு என்பதால் இதை முழுதாக நம்ப முடியாது. ஆனாலும் பழைய போனை அன்றைக்கே அழிக்காமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பூட்டு யாருக்கு?

"என் போன், என் எண், நானே கேட்டு, நானே சம்மதம் சொல்லி, அழைப்புக்கும் பதில் சொல்லி மாற்றுகிறேன். அதற்கப்புறமும் என்னை ஏன் ஒரு நாள் முடக்க வேண்டும்?" நியாயமான கேள்வி. மூன்று முறை சம்மதம் வாங்கிய பிறகு நான்காவதாக ஒரு தண்டனை போலத்தான் இது தோன்றுகிறது. இந்த எரிச்சலை அசட்டையாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் மோசடிக்காரர்கள் இ-சிம்மை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தால், அந்த மூன்று சம்மதங்களின் பலவீனம் தெரிந்துவிடும். சேவை மையத்திலிருந்து பேசுவதாக ஓர் அழைப்பு வரும். உங்கள் சிம் முடங்கப்போகிறது, கேஒய்சி புதுப்பிக்க வேண்டும், 5ஜிக்கு மாற்ற வேண்டும் என்று ஏதாவது சொல்வார்கள். பிறகு ஒரு எஸ்எம்எஸ் வாசகத்தை அனுப்பி, அதை அப்படியே நிறுவனத்தின் எண்ணுக்கு அனுப்பச் சொல்வார்கள். அந்த வாசகத்தில் இருப்பது அவர்களுடைய மின்னஞ்சல், அல்லது அவர்களுடைய போனின் EID. "இப்போது ஒரு செய்தி வரும், 1 என்று பதில் போடுங்கள். ஓர் அழைப்பு வரும், சரி என்று சொல்லுங்கள்." எல்லாவற்றையும் எண்ணுக்கு உரியவரே, தன் கையாலேயே செய்து முடிப்பார். அவருடைய போனில் கோடு மறையும். எங்கோ ஓர் ஊரில் இன்னொரு போனில் அது தோன்றும். 2020-லேயே ஐதராபாத்தின் சைபராபாத் காவல்துறை இந்த வகை மோசடி பற்றி எச்சரித்தது. 2025-ல் மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையமும் எச்சரித்தது.

இந்தச் சங்கிலியில் சம்மதம் என்ற ஒவ்வொரு கண்ணியும் ஏமாற்றப்பட்டவரின் கையில்தான் இருக்கிறது. அவரை ஒருமுறை நம்பவைத்துவிட்டால் பத்து முறையும் சம்மதிப்பார். எஸ்எம்எஸ் தடை ஒன்றுதான் அவர் கையிலும் இல்லாமல், மோசடிக்காரர் கையிலும் இல்லாமல் இருக்கிறது. ஓடிபி உடனே போய்ச் சேராத அந்த ஒரு நாளில், "போனில் ஏன் கோடு இல்லை?" என்று வீட்டில் யாராவது கேட்டுவிடுவார்கள், கடைக்குப் போய் விசாரிப்பார்கள். நேரம் கிடைக்கிறது. அதனால்தான் இந்தத் தடையை எடுத்துவிட வேண்டும் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை.

தடையிலும் ஓட்டை உண்டு. அது எஸ்எம்எஸ்ஸை மட்டும் நிறுத்துகிறது, அழைப்பை நிறுத்துவதில்லை. வாட்ஸ்அப்பின் சரிபார்ப்புக் குறியீட்டை அழைப்பு வழியாகவும் கேட்டு வாங்கலாம். நேர்மையாகப் போன் மாற்றுகிறவருக்கு இது வசதி: எஸ்எம்எஸ் இல்லாத முதல் நாளிலேயே வாட்ஸ்அப்பைத் திறந்துவிடலாம். எண்ணைத் திருடியவருக்கும் அதே வசதி கிடைக்கிறது, உங்கள் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்க அது போதும். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்ற ஆறு இலக்கப் பின்னை முன்கூட்டியே போட்டுவைத்தால்தான் இந்த ஓட்டை அடைபடும். போட்டவர்கள் அந்தப் பின்னை மறந்துவிடாமலிருப்பதும் முக்கியம், புது போனில் உங்களையும் அது கேட்கும்.

"பிளாஸ்டிக்கே போதுமே?"

இத்தனை தொல்லை எதற்கு, பழைய அட்டையே இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அடுத்த வாதம். அடிக்கடி போன் மாற்றுகிறவர்களுக்கு, இரண்டு போன்களுக்கிடையே சிம்மை மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்கு அது இன்றைக்கும் சரியான முடிவுதான். வாதம் தடுமாறுவது இரண்டு இடங்களில். போன் திருடு போனால், பிளாஸ்டிக் சிம்மை உருவி வேறொரு போனில் போட்டு ஓடிபி வாங்குவது திருடனுக்கு சில நொடி வேலை, சிம்முக்குத் தனிப் பின் போட்டிருந்தாலொழிய. இ-சிம்மை அப்படி உருவ முடியாது. இரண்டாவது, தேர்வு நம் கையில் எத்தனை காலம் இருக்கும் என்பது. அமெரிக்காவில் 2022-ல் வந்த ஐபோன் 14-லிருந்தே சிம் தட்டு இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் ஏர், இந்தியா உட்பட எல்லா நாடுகளிலும் தட்டே இல்லாமல்தான் விற்பனைக்கு வந்தது.

போனிலிருந்து போனுக்கு நேரடியாக இ-சிம்மை மாற்றும் வசதி வந்துவிட்டதே என்றும் கேட்கலாம். ஆமாம், இரண்டு ஐபோன்களைப் பக்கத்தில் வைத்து மாற்றும் வசதி இருக்கிறது, சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இருக்கிறது. சேவை நிறுவனமும் அதை அனுமதித்தால் க்யூஆர், மின்னஞ்சல், 32 இலக்கம் எல்லாம் மிச்சம். ஆனால் அங்கேயும் கோப்பு ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கப்படுவதில்லை. பின்னணியில் நிறுவனம் புதிய ப்ரொஃபைல் ஒன்றைக் கொடுத்து, பழையதைச் செல்லாததாக்குகிறது. திரையில் பார்ப்பது எளிமை, பதிவேட்டில் நடப்பது அதே மாற்றம்.

விதி மாற வேண்டிய இடம் இதுதான் என்று தோன்றுகிறது. இரண்டு போன்களும் ஒரே அறையில், ஒரே நபரின் கையில், இரண்டின் பூட்டும் திறந்த நிலையில் இருக்கின்றன என்பதை அந்தப் போன்களாலேயே உறுதி செய்ய முடிகிறது. அப்படி நடக்கும் மாற்றத்தையும், எங்கோ ஓர் ஊரிலிருந்து யாரோ சொல்லச் சொல்ல எஸ்எம்எஸ் அனுப்பி நடக்கும் மாற்றத்தையும் ஒரே தட்டில் வைப்பது, சிம் என்றால் பிளாஸ்டிக் மட்டுமே என்று நினைக்கும் பழக்கத்தின் மிச்சம். முதல் வகைக்குத் தடை நேரத்தைக் குறைக்கலாம். இரண்டாவது வகைக்கு ஒரு மணி நேரம்கூடக் குறைக்கக்கூடாது. மாற்றத்துக்குச் சம்மதம் கேட்கும் செய்தியிலாவது, "உங்கள் எண் வேறொரு போனுக்குப் போகிறது, இந்தப் போனில் சேவை நின்றுவிடும், 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது" என்று மூன்று வரி தமிழில் எழுதச் சொல்லலாம். அதற்குச் செலவு எதுவுமில்லை. ஏமாற்றப்படுகிறவர்களில் சிலராவது இரண்டாவது வரியில் நின்றுவிடுவார்கள்.

கடல் கடந்தவர்களின் எண்

இதில் அதிகம் அடிபடுகிறவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, வங்கி ஓடிபிக்காக மட்டும் இந்திய எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான தமிழர்கள். இரண்டாவது சிம்முக்கு இடம் வேண்டுமென்று இந்திய எண்ணை இ-சிம்மாக மாற்றிக்கொண்டு விமானம் ஏறியவர்கள் இவர்களில் உண்டு. அங்கே போன் தண்ணீரில் விழுந்தால், பிளாஸ்டிக் சிம் வைத்திருப்பவர் அதைத் துடைத்து வேறு போனில் போட்டுக்கொள்வார். இ-சிம் வைத்திருப்பவருக்கு, சம்மதம் சொல்லப் பழைய போன் இல்லை, நேரில் போகப் பக்கத்தில் ஷோரூமும் இல்லை. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்வரை அந்த எண் முடங்கிக் கிடக்கலாம். அதோடு சேர்ந்து வங்கிக் கணக்கும் முடங்கும். வெளிநாட்டில் இருக்கும்வரை இந்திய எண் பிளாஸ்டிக்கிலும், அங்கே வாங்கும் உள்ளூர் எண் இ-சிம்மிலும் இருப்பதுதான் இவர்களுக்கு ஏற்ற ஏற்பாடு. போன் மாற்றுவதாக இருந்தால் ஊருக்கு வந்திருக்கும் வாரத்தில் மாற்றிவிட்டுப் போகலாம்.

எக்ஸ்சேஞ்சில் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாசலிலேயே பழைய போனைக் கொடுக்க வேண்டிய முறையும் இ-சிம்மும் ஒத்துப்போகாது. புது போன் கைக்கு வராமல் EID தெரியாது, EID இல்லாமல் சில நிறுவனங்களிடம் மாற்றம் கேட்கவே முடியாது. டெலிவரி ஊழியர் இரண்டு மணி நேரம் வாசலில் நிற்கமாட்டார். வீட்டில் இன்னொரு இ-சிம் போன் இருந்தால் எண்ணை முதலில் அதற்கு மாற்றி வைக்கலாம், ஆனால் பிறகு புது போனுக்கு மாற்றும்போது இன்னொரு முறை 24 மணி நேரம் போகும். கடையில் நேரில் மாற்றிக்கொள்வதோ, பழைய போனைத் தனியாக விற்பதோ ஆயிரமோ இரண்டாயிரமோ குறைத்துக் கொடுத்தாலும் நிம்மதி. எப்படி விற்றாலும், புது போனில் ஓர் ஓடிபி வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே பழையதில் இ-சிம்மை நீக்கி ரீசெட் செய்ய வேண்டும். பேச முடிகிறது என்பது போதுமான அடையாளம் இல்லை. விற்றுவிட்ட போனில் செத்துப்போன ப்ரொஃபைல் தங்கியிருந்தால் அதில் யாரும் உங்கள் எண்ணில் பேச முடியாதுதான். ஆனாலும் உங்கள் எண்ணின் தடயம் இன்னொருவர் போனில் ஏன் இருக்க வேண்டும்?

> பெட்டிச் செய்தி: நீங்கள் கேட்காமலே கோடு போனால்
>
> அக்கம்பக்கத்தில் அதே நிறுவனத்தின் சேவை இருக்கிறது, உங்கள் போனில் மட்டும் இல்லை, இ-சிம் அல்லது சிம் மாற்றம் பற்றி ஒரு செய்தி வந்திருக்கிறது என்றால் போனை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். வேறொருவர் போனை வாங்கி, முதலில் சேவை நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து வங்கியை அழைத்து யூபிஐயையும் கார்டுகளையும் நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள். `cybercrime.gov.in` தளத்திலும் பதியலாம். எஸ்எம்எஸ் அடைபட்டிருக்கும் 24 மணி நேரம் இந்த அழைப்புகளுக்காகக் கிடைத்த நேரம். உங்கள் பெயரில் வேறு எண்கள் ஏதேனும் வாங்கப்பட்டிருக்கின்றனவா என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் ஓடிபி வேண்டும் என்பதால் எண் திரும்பக் கிடைத்த பிறகுதான் அது முடியும்.